12,000 லிட்டர் லாரி வந்தாச்சு... சம்ப்பில் எவ்வளவு ஏறிச்சு?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீர் லாரி புதிதல்ல. கோடை வந்து போர் இறங்கிவிட்டால், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் வரும் கேள்வி, ``யார்கிட்டயாவது லாரிக்காரர் நம்பர் இருக்கா?'' என்பதுதான். `முகப்பேர் ஏரித் திட்டம்' என்று ஏரியின் பெயரையே முகவரியாக எழுதும் ஏரியாவிலும் இதே கதைதான்.

2019-ம் ஆண்டை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து இறங்கியது, முகப்பேருக்குப் பக்கத்திலிருக்கும் வில்லிவாக்கத்தில்தான். நாம் வாங்கும் 12,000 லிட்டர் லாரியில் கணக்கு போட்டால், அது 200 லோடுக்குக் கொஞ்சம் அதிகம். அந்தக் கோடையில் மெட்ரோ வாட்டரில் புக் செய்தவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். தனியார் லாரியின் விலையோ இரண்டு மடங்குக்கு மேல் போனது.

அப்படிப்பட்ட நேரத்தில் பலரும் கேட்பது, ``ஒரு லாரி எவ்வளவு?'' என்ற ஒரே கேள்வியைத்தான். ஆனால், நாம் காசு கொடுப்பது லாரிக்கு அல்ல. சம்ப்புக்குள் விழும் லிட்டருக்கு. அதை அளக்க ஒரு நீளக் குச்சி போதும். தண்ணீரின் தரத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி பாட்டிலும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ் மீட்டரும் போதும். எப்படி என்று ஒரு கணக்கோடு பார்க்கலாம்.

உங்கள் சம்ப்பின் `ஓர் இன்ச்' எவ்வளவு?

சம்ப்பின் உள்பக்க நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்துகொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கி, 12-ஆல் வகுத்து, 28.3-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் உங்கள் சம்ப்பில் ஓர் இன்ச் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், லிட்டர் கணக்கில். (ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர்.)

உதாரணத்துக்கு, எட்டு வீடுகள் உள்ள ஓர் அபார்ட்மென்ட்டை எடுத்துக்கொள்வோம். சம்ப் 12 அடி நீளம், 10 அடி அகலம். 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10, அதை 28.3-ஆல் பெருக்கினால் 283. அதாவது, இந்த சம்ப்பில் தண்ணீர் ஓர் இன்ச் ஏறினால் 283 லிட்டர் வந்திருக்கிறது என்று அர்த்தம். தனி வீட்டின் 6 அடிக்கு 5 அடி சம்ப்பாக இருந்தால், ஓர் இன்ச்சுக்கு 71 லிட்டர்தான்.

இந்த எண்ணை ஒருமுறை கண்டுபிடித்து, சம்ப் மூடியின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதி வைத்துவிடுங்கள். வாட்ச்மேன் மாறினாலும், அசோசியேஷன் செகரட்டரி மாறினாலும் இந்த எண் மாறாது. ஒரு பி.வி.சி பைப்பில் இன்ச் இன்ச்சாகக் கோடு போட்டு, அதை சம்ப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் அளவுகோலும் தயார்.

லோடு குறைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

லாரி ஓஸைப் போடுவதற்கு முன்பு, மொட்டைமாடி டேங்குக்கு ஏற்றும் மோட்டாரை நிறுத்திவிடுங்கள். போர் தண்ணீரும் மெட்ரோ வாட்டரும் சம்ப்புக்குள் வந்துகொண்டிருந்தால் அந்த வால்வுகளையும் மூடிவிடுங்கள். இல்லையென்றால் அளவு தப்பாகும். பிறகு குச்சியை அடிவரை இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பாருங்கள். லாரி முழுதாகக் காலியான பிறகு, இரண்டு மூன்று நிமிடம் அலை அடங்கியதும் மறுபடியும் அளங்கள்.

நம் உதாரண அபார்ட்மென்ட்டில், லாரி வருவதற்கு முன் 24 இன்ச். 12,000 லிட்டர் உண்மையிலேயே வந்திருந்தால் தண்ணீர் 42 இன்ச்சுக்கு மேல் ஏறி, குச்சி 66-ஐத் தாண்டிக் காட்ட வேண்டும். ஆனால் காட்டுவது 60 அரை. ஏறியது 36 அரை இன்ச். 283-ஆல் பெருக்கினால் சுமார் 10,330 லிட்டர். கிட்டத்தட்ட 1,670 லிட்டர் குறைகிறது.

இதை உடனே `ஏமாற்று' என்று முடிவுகட்ட வேண்டாம். காரணங்கள் பல. டேங்கின் உண்மையான கொள்ளளவே 12,000-க்குக் குறைவாக இருக்கலாம். நிரப்பும் இடத்தில் அவசரத்தில் முழுதாக நிரப்பாமல் கிளம்பியிருக்கலாம். மேல் மூடி சரியாகப் பொருந்தாமல் வழியில் சிந்தியிருக்கலாம். லாரி சரிவில் நின்று, வால்வு இருக்கும் பக்கம் மேடாக இருந்தால், டேங்குக்குள்ளேயே கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றுவிடும்; ``காலி சார்'' என்று டிரைவர் சொல்வதும் பொய்யாக இருக்காது. வால்வு பக்கம் பள்ளமாக இருக்கும்படி வண்டியை நிறுத்தச் சொன்னாலே இந்தக் கடைசிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

ஓர் இன்ச், இரண்டு இன்ச் வித்தியாசம் நம் குச்சியின் பிழையாகவும் இருக்கலாம், அதை விட்டுவிடலாம். ஆறு இன்ச் என்பது பிழை அல்ல. ஒரே லாரி மூன்று முறை வந்து, மூன்று முறையும் 36, 37 என்றே காட்டினால், அந்த டேங்கின் அளவே அவ்வளவுதான். அப்போது சண்டை போடத் தேவையில்லை. ``அண்ணே, உங்க வண்டி 10,300 லிட்டர்தான் பிடிக்குது. அந்தக் கணக்குக்கே ரேட் பேசிக்கலாம்'' என்று சொன்னால் பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும்.

இதனால் என்ன நஷ்டம்? 2,400 ரூபாய்க்கு 12,000 லிட்டர் என்று பேசியிருந்தால் லிட்டர் 20 பைசா. வந்தது 10,330 என்றால் லிட்டர் 23 பைசா ஆகிவிடுகிறது. நியாயமாகக் கொடுக்க வேண்டியது சுமார் 2,066 ரூபாய்தான். இன்னொரு நஷ்டமும் உண்டு. ஒரு நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புறக் கணக்கில், எட்டு வீட்டில் 32 பேருக்கு ஒரு நாளைக்கு 4,320 லிட்டர் வேண்டும். குறைந்துபோன 1,670 லிட்டர் என்பது, அடுத்த லாரியை ஒன்பது மணி நேரம் முன்னதாகவே கூப்பிட வைக்கும் அளவு.

எது நியாயமான விலை?

லாரிக்காரர்கள் சொல்லும் விலைகளை அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். எல்லாவற்றையும் லிட்டருக்கு எத்தனை பைசா என்று மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குக்காக மூன்று பேர் இப்படி விலை சொல்வதாக வைத்துக்கொள்வோம்: 6,000 லிட்டர் 1,500 ரூபாய், 12,000 லிட்டர் 2,400 ரூபாய், 24,000 லிட்டர் 4,300 ரூபாய். முதலாவது 25 பைசா, இரண்டாவது 20 பைசா, மூன்றாவது 18 பைசா. பெரிய லாரிதான் மலிவு என்று தோன்றும்.

ஆனால், நம் சம்ப்பின் ஆழம் 6 அடி, அதாவது 72 இன்ச். ஏற்கெனவே 24 இன்ச் தண்ணீர் இருக்கிறது. மிச்சமிருக்கும் 48 இன்ச்சில் சுமார் 13,600 லிட்டர்தான் பிடிக்கும். அங்கே 24,000 லிட்டர் லாரியைக் கூப்பிட்டால், கிட்டத்தட்ட பாதித் தண்ணீரை விட இடமிருக்காது. காசு மட்டும் முழு லோடுக்கும் போகும். அப்போது லிட்டர் விலை 31 பைசாவுக்கு மேல். எனவே, சம்ப்பில் இடம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் லாரியின் அளவைச் சொல்ல வேண்டும்.

அடுத்து, விலை ஏன் ஏறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எது நியாயமான ஏற்றம் என்பது பிடிபடும். தனியார் லாரிகள் பெரும்பாலும் புறநகரில் இருக்கும் விவசாயக் கிணறுகளிலும் போர்களிலும் நிரப்புகின்றன. தட்டுப்பாடு வந்தால் கிணற்றில் ஊறுவது குறைகிறது. லாரிகள் வரிசையில் நிற்கின்றன. சாதாரண நாளில் ஆறு ட்ரிப் அடிக்கும் வண்டி, மூன்று ட்ரிப்தான் அடிக்கும். ஆனால் வண்டியின் தவணையும் டிரைவர் சம்பளமும் குறையாது. ஒரு நாளுக்கு அந்தச் செலவு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆறு ட்ரிப்பில் ஒரு ட்ரிப்புக்கு 1,000 ரூபாய். மூன்று ட்ரிப்பில் 2,000. பக்கத்துக் கிணறு வற்றி, இன்னும் தள்ளிப் போய் நிரப்பினால் டீசல் தனி. எனவே, விலை ஏறியதாலேயே அது கொள்ளை ஆகிவிடாது.

விலை சொல்பவரிடம், ``எங்கிருந்து நிரப்புறீங்க? ஒரு நாளைக்கு எத்தனை ட்ரிப் போகுது?'' என்று கேட்டுப் பாருங்கள். காரணம் உள்ளவர் தயங்காமல் சொல்வார். ``நாளைக்குன்னா 2,400, இன்னிக்கே வேணும்னா 3,500'' என்று சொன்னால், அந்தக் கூடுதல் 1,100 ரூபாய் தண்ணீருக்கானது அல்ல, நம் அவசரத்துக்கானது. அதைத் தவிர்க்க ஒரே வழி, சம்ப் வற்றும்வரை காத்திருக்காமல் இருப்பது. இரண்டு நாள் தேவை சம்ப்பில் இருக்கும்போதே புக் செய்துவிட வேண்டும். நம் உதாரணத்தில் அது 8,640 லிட்டர், அதாவது சுமார் 30 அரை இன்ச். குச்சியில் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டால், வாட்ச்மேனே சொல்லிவிடுவார்.

ஒப்பிட்டுப் பார்க்க, சென்னைக் குடிநீர் வாரியத்தின் விலையையும் கையில் வைத்திருங்கள். வாரியத்தின் cmwssb.tn.gov.in தளத்தில் லாரித் தண்ணீருக்கு முன்பதிவு செய்யலாம். 044-45674567 என்ற எண்ணிலும் பேசலாம். வீட்டு உபயோகத்துக்கு ஒரு விலை, வணிகத்துக்கு ஒரு விலை என்று அங்கே தெளிவாக இருக்கும். அது மானியம் கலந்த அரசு விலை என்பதால் தனியாரிடம் அதே விலையை எதிர்பார்க்க முடியாது. தனியார் விலை அதைப்போல எத்தனை மடங்கு என்று ஒவ்வொரு மாதமும் குறித்து வைத்தால், திடீர் ஏற்றம் எது என்று தெரியும். தட்டுப்பாட்டில் வாரிய லாரி வரத் தாமதமாகும் என்பதால், சிவப்புக் கோட்டுக்கு முன்பே அங்கே பதிந்துவிட்டு, இடைவெளிக்கு மட்டும் தனியாரைக் கூப்பிடுவது செலவைக் குறைக்கும்.

ஓஸ் உள்ளே போகும் முன்...

தண்ணீரின் தரத்தைப் பார்ப்பதற்கு ஒரே ஒரு நேரம்தான் இருக்கிறது. லாரி வந்து நின்ற பிறகு, ஓஸ் சம்ப்புக்குள் போவதற்கு முன். ஒருமுறை கலந்துவிட்டால், ஏற்கெனவே இருந்த நல்ல தண்ணீரும் கெட்டுவிடும். பிறகு சம்ப், மொட்டைமாடி டேங்க் இரண்டையும் காலி செய்து கழுவ வேண்டும்.

வால்வைக் கொஞ்சம் திறந்து, ஒரு வாளித் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். வெள்ளைத் தாளை பாட்டிலுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். கலங்கலா, மஞ்சளா என்பது தெரியும். பாட்டிலை மூடிக் குலுக்கி, திறந்த உடனே முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடையோ, சாக்கடை வாடையோ, டீசல், கெமிக்கல் வாடையோ வந்தால் அந்த லோடு வேண்டாம். குலுக்கிய பிறகு நுரை நீண்ட நேரம் நின்றால், சோப்புத் தண்ணீரோ கழிவுநீரோ கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து டி.டி.எஸ் மீட்டர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை இது காட்டும். இந்திய குடிநீர்த் தரநிலைப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம். நம் பார்வையில், அந்த எண்ணைவிட அதில் வரும் மாற்றம்தான் முக்கியம். எப்போதும் 620 காட்டும் லாரி இன்று 1,480 காட்டினால், நிரப்பும் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம். ``அண்ணே, இன்னிக்கு வேற கிணறா?'' என்று அப்போதே கேட்டுவிடலாம்.

ஆனால், கேட்ட பிறகு லோடைத் திருப்பி அனுப்ப முடியுமா? புக் செய்யும்போதே பேசியிருந்தால் முடியும். ``டி.டி.எஸ் 1,000-க்கு மேல போனா இறக்க மாட்டோம்'' என்று ஒரு வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் `ஓகே' போட்டிருந்தால், வாசலில் வாக்குவாதம் இருக்காது. பேசாமல் விட்டுவிட்டு, 15 கிலோமீட்டர் ஓட்டிவந்த டிரைவரிடம் ``திரும்பிப் போ'' என்று சொல்வது அவருக்கும் நியாயமில்லை.

டி.டி.எஸ் மீட்டரை நம்பிப் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. எண் குறைவாக இருந்தால் `நல்ல தண்ணி' என்று குடிக்க எடுத்துவிடுகிறார்கள். இந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது. 300 காட்டும் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கலாம். 1,200 காட்டும் தண்ணீரில் கிருமியே இல்லாமலும் இருக்கலாம். 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் குடிநீருக்கான தரநிலை. அதை லேபில்தான் பார்க்க முடியும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தண்ணீர்ப் பரிசோதனை உண்டு. சாதாரண பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோனால் முடிவு தப்பாகும் என்பதால், கிருமி நீக்கிய பாட்டில் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். எல்லா லோடுக்கும் இது சாத்தியமில்லை. தொடர்ந்து ஒரே இடத்திலிருந்து வாங்குபவர்கள், சீசன் ஆரம்பத்தில் ஒருமுறை செய்தால்கூடப் பயன்தான்.

அதுவரை, தனியார் லாரித் தண்ணீர் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ மட்டும். குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர்தான். வேறு வழியே இல்லையென்றால் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். கொதித்தால் கிருமி சாகும். உப்பும் கெமிக்கலும் போகாது.

சம்ப்பில் இறக்கிய தண்ணீருக்கு, 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடர் போடலாம். நம் உதாரணத்தில் பழைய தண்ணீரும் சேர்த்து சம்ப்பில் 17,000 லிட்டர் இருக்கிறது. 68 கிராம் போதும். பவுடரை அப்படியே கொட்டாமல், ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து மோட்டாரைப் போடலாம். பாக்கெட் பல மாதமாகத் திறந்தே கிடந்ததென்றால் அதில் குளோரின் போயிருக்கும்; வாடையே இல்லாத பவுடரைப் போட்டுப் பயனில்லை.

இரும்புச்சத்து இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. வெள்ளை வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்தால், அடியில் செம்மண் நிறத்தில் படியும். பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் மறுநாள் வெள்ளைத் துணியைப் பழுப்பாக்குவது இதனால்தான்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்?

சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீரை எடுப்பதற்கும் லாரியில் கொண்டு செல்வதற்கும் உரிமம் வேண்டும் என்று 1987-ம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. எனவே, உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் தவறேதும் இல்லை. பணம் கொடுக்கும்போது தேதி, வண்டி எண், எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபாய் என்ற நான்கும் உள்ள ரசீதைக் கேளுங்கள். `ஒரு லோடு' என்று மட்டும் எழுதிய ரசீதை வைத்து அளவு குறைந்தது என்று யாரிடமும் புகார் சொல்ல முடியாது. லிட்டர் எழுதியிருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் பேசுவதற்கு நம் கையில் ஆதாரம் இருக்கும்.

லாரிகள் பெரும்பாலும் விடியற்காலையிலோ, இரவிலோதான் வரும். அப்போது எழுந்து போவது செகரட்டரி அல்ல, வாட்ச்மேன். அவரிடம் ஒரு நோட்டு கொடுத்து, ஒவ்வொரு லோடுக்கும் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: வண்டி எண், குச்சி முன்னால் 24, பின்னால் 60 அரை, டி.டி.எஸ் 620. மூன்று நான்கு லோடு முடிந்ததும், எந்த வண்டி அளவு சரியாகக் கொண்டுவருகிறது, எந்த வண்டியின் தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கிறது என்று அந்த நோட்டே காட்டிவிடும். அடுத்த முறை குரூப்பில் யாராவது லாரிக்காரர் நம்பர் கேட்டால், நம்பரோடு சேர்த்து அந்த வரிகளையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.